எட்டாயிரம் லிட்டர் பம்ப், இரண்டடி நீர்: நீரூற்று வைப்பவர்கள் கவனத்துக்கு

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் எட்டடிக்கு எட்டடித் தொட்டி, 10 மில்லிமீட்டர் வாயுள்ள ஐந்து நாசில், நீர் ஐந்தடி எழும்ப வேண்டும் என்பது பேச்சு. "எட்டாயிரம் லிட்டர் பம்ப்புண்ணே, அடிச்சுத் தூக்கும்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார் காண்டிராக்டர். நீர் இரண்டடியைத் தாண்டவில்லை.

ஏமாற்று அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அதில் 8000 லிட்டர், 4 மீட்டர் என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு 8000 லிட்டர் என்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. 4 மீட்டர் என்பது ஒரு சொட்டும் வெளியே வராத உயரம். இரண்டும் சேர்ந்து ஒருபோதும் கிடைக்காது.

கணக்கு இதுதான். 10 மில்லிமீட்டர் வாயிலிருந்து ஒன்றரை மீட்டர் எழும்ப நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் வேண்டும். ஐந்துக்கும் சேர்த்து மணிக்கு 7500. உயரத்துக்கு அந்த ஒன்றரை மீட்டரோடு, நீர்மட்டத்திலிருந்து நாசில் வரை 0.3, பைப், பெண்டு, வால்வு உரசலுக்கு ஒரு 1.2 சேர்த்தால் 3 மீட்டர். ஆகவே கடையில் கேட்க வேண்டியது, "3 மீட்டரில் 7500 லிட்டர் தருமா? எந்த உயரத்துக்கு எவ்வளவு நீர்ங்கிற வரைபடத்தைக் காட்டுங்க." ஹெச்பியை மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். நீரின் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே எழும்பும் உயரம் பாதிக்குக் கீழே போய்விடும். இங்கே நடந்ததும் அதுவே.

சோதிக்க ஒரு நாசிலில் அகலமான ஹோஸை மாட்டி, அதே உயரத்தில் பிடித்து 20 லிட்டர் வாளியை நிரப்புங்கள். 48 விநாடியில் நிரம்ப வேண்டியது இந்த மண்டபத்தில் 72 விநாடி எடுத்தது.

ஃபில்டரையும் அதே பம்ப்பின் டெலிவரி லைனில் மாட்டியிருந்தார். அழுக்கு சேரச் சேர ஃபில்டரே அழுத்தத்தைத் தின்னும், நீர் இன்னும் தணியும். தொட்டியில் 2400 லிட்டர் நீர் என்றால், ஃபில்டருக்கென்று மணிக்கு 1200 லிட்டர் சுற்றும் சிறு பம்ப் தனியாக வேண்டும்.

மோசமான பகுதி அடுத்தது. கோடையில் தினமும் நீர் குறைகிறது என்றதும், "தொட்டி கசியுது" என்று வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்குத் தனியாகப் பணம் கேட்டார். தொட்டியின் பரப்பு 6 சதுர மீட்டர். மதுரை வெயிலில் 7 மில்லிமீட்டர் வற்றினாலே 42 லிட்டர் போச்சு. நீர் சிதறுவதில் இன்னும் கூடும். ஆடிக்காற்றில் கேட்கவே வேண்டாம். நாசிலிலிருந்து விளிம்பு வரையான தூரம் நீர் எழும்பும் உயரத்துக்காவது இருக்க வேண்டும், இங்கே நடு நாசிலுக்கே நாலடிதான்.

பூசுவதற்கு முன் பம்ப்பை நிறுத்திவிட்டு, தொட்டி நீரையே ஒரு வாளியில் நிரப்பித் தொட்டிக்குள் ஒரு கல்மேல் வையுங்கள். இரண்டிலும் மட்டத்தைக் குறித்து ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கசிவு இல்லை, வற்றிய நீரைத் தானே நிரப்பும் மிதவை வால்வு ஒன்று போதும். போர்த் தண்ணீர் விடுவதானால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நாசில் வாயில் வெள்ளைப் படலம் கட்டத் தொடங்கியதும் தொட்டியைக் கொஞ்சம் வடித்துவிட்டுப் புதுநீர் விடுங்கள்.