"நிலையான வட்டி" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட வீட்டுக்கடன்: 37ஆவது தவணையில் நடந்தது

வீட்டுக்கடன் வாங்க விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களும், "ஃபிக்சட்" என்று நம்பி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் தங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கடன் கொடுத்தது ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம். அதன் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இதே வகைக் கடனை வேறு நிறுவனங்களும் விற்கின்றன.

2021 அக்டோபரில் கோவையில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்குவதற்காக 30 லட்சம் ரூபாய் கடன் பெற்றேன். காலம் 20 ஆண்டுகள், வட்டி 7.5 சதவீதம், மாதத் தவணை 24,168 ரூபாய். அதே மாதத்தில் என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் ஒரு வங்கியில் 6.75 சதவீத மாறும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். முக்கால் சதவீதம் அதிகமாக இருக்கிறதே என்று நான் தயங்கியபோது, நிறுவனத்தின் சார்பில் வீட்டுக்கு வந்த முகவர், "சார், ரெப்போ இப்ப நாலு சதவீதம். இதுக்குக் கீழ இறங்காது, இனிமே ஏறத்தான் செய்யும். நீங்க ஃபிக்சட்ல போட்டுட்டா இருபது வருஷமும் இதே தவணைதான்" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்ட அந்த விகிதத்தை ரிசர்வ் வங்கி 2022 மே மாதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. சக ஆசிரியரின் கடன் ரெப்போவுடன் இணைக்கப்பட்டிருந்ததால் அவருடைய வட்டி 9.25 ஆனது. நான் 7.5 சதவீதத்திலேயே இருந்தேன். வட்டி அடிமட்டத்தில் இருக்கும் காலத்தில் நிலையான வட்டிக்குச் சற்று அதிகம் கொடுப்பது சரியான முடிவு என்பதற்கு நானே சான்றாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தத் திருப்தியில்தான் ஒப்பந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காமல் மூன்று ஆண்டுகள் கழித்தேன்.

2024 அக்டோபர் இறுதியில் "உங்கள் கடனுக்கான வட்டி விகிதம் மாற்றியமைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. என்ன விகிதம் என்று அதில் இல்லை. நவம்பரில் வங்கிக் கணக்கிலிருந்து வழக்கம்போல் 24,168 ரூபாய்தான் பிடிக்கப்பட்டது. தவணை மாறாததால் எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்.

2025 ஜனவரியில் வருமான வரிக்காக வட்டிச் சான்றிதழைத் தரவிறக்கியபோது, ஆண்டுக்கான அசல் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. சந்தேகப்பட்டு மாதவாரியான கணக்கு அறிக்கையை எடுத்தேன். அக்டோபர் வரை ஒவ்வொரு தவணையிலும் ஏறத்தாழ 6,700 ரூபாய் அசலில் கழிந்துகொண்டிருந்தது. நவம்பரில் கழிந்தது 2,144 ரூபாய். மீதி 22,024 ரூபாயும் வட்டிக்குப் போயிருந்தது. வட்டி விகிதம் 9.5 சதவீதம் என்று ஒரு சிறிய வரியில் இருந்தது. எஞ்சிய தவணைகள் 204 இருக்க வேண்டிய இடத்தில் 307 என்று இருந்தது. அதாவது, எனக்குத் தெரியாமலேயே என் கடன் எட்டரை ஆண்டுகளுக்கு மேல் நீண்டிருந்தது. எனக்கு அப்போது வயது 44. கடன் முடியும்போது எழுபதை நெருங்கியிருப்பேன்.

அனுமதிக் கடிதத்தில் "வட்டி வகை: நிலையானது" என்றுதான் அச்சிட்டிருந்தார்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கான விளக்கம் கடிதத்தில் இல்லை. நாற்பது பக்க ஒப்பந்தத்தின் இணைப்பில் இருந்தது. முதல் தொகை வழங்கப்பட்ட நாளிலிருந்து 36 மாதங்களுக்கு மட்டுமே வட்டி நிலையானது என்றும், அதன்பின் நிறுவனத்தின் சொந்த அடிப்படைக் கடன் விகிதத்தோடு இணைந்த மாறும் வட்டியாக அது தானாகவே மாறும் என்றும் அங்கே எழுதப்பட்டிருந்தது. கீழே என் கையெழுத்தும் இருந்தது. முகவர் வாயால் சொன்ன இருபது ஆண்டு எந்தத் தாளிலும் இல்லை.

இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பாருங்கள். வட்டி குறைந்திருந்த காலத்தில் நான் சந்தையைவிட அதிகம் கொடுத்து, உயர்வுக்கு எதிராகப் பாதுகாப்பு வாங்கினேன். அந்தப் பாதுகாப்பு ரெப்போ உச்சத்தில் இருந்த மாதத்தில் முடிந்தது. உச்ச விகிதத்தில் மாறும் வட்டிக்குள் தள்ளப்பட்ட பிறகு, 2025ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கால் சதவீதம் வீதமும், ஜூனில் அரை சதவீதமும் குறைத்தது. சக ஆசிரியரின் வட்டி 9.25இலிருந்து 8.25க்கு இறங்கியது. என்னுடையது 9.5இலிருந்து 9.25க்கு மட்டுமே இறங்கியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றுதான், ஆனால் கடன் வாங்கும் பலருக்கு அது தெரிவதில்லை. வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்றும், குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டியைத் திருத்த வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் அடிப்படை விகிதத்தைத் தாங்களே நிர்ணயிக்கின்றன. புதிய வாடிக்கையாளரை ஈர்க்க வேண்டுமானால், அடிப்படை விகிதத்தைத் தொடாமல் அவருக்கான கழிவை மட்டும் கூட்டிக் கொடுத்துவிடலாம். பழைய வாடிக்கையாளர் பழைய வட்டியிலேயே கிடப்பார். எனவே "மாறும் வட்டி" என்று கேட்டவுடன் அடுத்த கேள்வி "எதைப் பொறுத்து மாறும்?" என்பதாக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் நிலையானதா மாறுவதா என்ற கேள்வியைவிட இது கனமானது.

கால நீட்டிப்பைப் பற்றி முதலில் முறையிட்டேன். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை வீட்டுவசதி நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். அதன்படி, வட்டி திருத்தப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். எனக்கு யாரும் தரவில்லை. என் நிலுவை 27.82 லட்சம். தவணையை 27,536 ரூபாயாக உயர்த்தியிருந்தால் பழைய 204 மாதங்களிலேயே கடன் முடிந்திருக்கும். மாதம் 3,368 ரூபாய் கூடுதல் என்பது என் சம்பளத்தில் சுமைதான். ஆனால் அதைச் செலுத்தாமல் 307 மாதங்கள் கட்டினால், அதே 9.5 சதவீதத்தில் மொத்தமாக ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரிடும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒரு கடிதம் அனுப்பியிருந்தால் எவரும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். குறைதீர்ப்பு அதிகாரிக்கு இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பிய பிறகு, 2025 மார்ச் முதல் தவணையை உயர்த்திக் கொடுத்தார்கள்.

வட்டியைக் குறைக்கக் கேட்டபோது, மாற்றுக் கட்டணமாக நிலுவையில் அரை சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துச் சுமார் 16,000 ரூபாய் கட்டினால் 8.75 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். அளவுகோல் அவர்களுடையதாகவே இருக்கும் என்பதால் மறுத்தேன். கடனையே ஒரு வங்கிக்கு, ரெப்போவுக்கு மேல் 2.25 என்ற கணக்கில் 7.75 சதவீத வட்டியில் மாற்ற அனுமதி கிடைத்தது. உடனே நிறுவனம், "இது ஃபிக்சட் கடன், முன்கூட்டியே அடைக்க 2 சதவீதம் அபராதம்" என்றது. வட்டியை ஏற்றும்போது மாறும் கடனாக இருந்தது, வெளியேறும்போது மட்டும் நிலையான கடனாகிவிட்டது! தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. இரண்டும் கலந்த கடனில், அடைக்கும் நாளில் எந்த வகை வட்டி நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. இதைக் குறிப்பிட்டு, ஜனவரி முதல் உள்ள கணக்கு அறிக்கையை இணைத்து எழுதியபின் ஏறத்தாழ 55,000 ரூபாய்க் கோரிக்கையைக் கைவிட்டார்கள். கைவிடாவிட்டால் முறையிட வேண்டிய இடம் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன் அல்ல. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தேசிய வீட்டுவசதி வங்கி தன் கிரிட்ஸ் இணையதளத்தில் பெறுகிறது.

மாற்றுவதற்கும் செலவு உண்டு. புதிய அடமானப் பத்திரப் பதிவு, சட்ட ஆய்வு, மதிப்பீடு எல்லாம் சேர்ந்து எனக்கு முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஆனால் 27.4 லட்சம் நிலுவையில் ஒன்றரை சதவீத வேறுபாடு ஆண்டுக்கு 41,000 ரூபாய் என்பதால் ஓராண்டுக்குள் அது ஈடாகிவிடும். நிலுவை ஐந்தாறு லட்சமாகவோ எஞ்சிய காலம் இரண்டு மூன்று ஆண்டுகளாகவோ இருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

அப்படியானால் நிலையான வட்டி யாருக்கு? கடன் காலம் முழுவதற்கும் நிலையானது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தால், தவணை உயர்ந்தால் சமாளிக்க முடியாத குடும்பத்துக்கு, அதுவும் வட்டி தாழ்ந்திருக்கும் காலத்தில் அது பொருந்தும். ஆனால் குறுகிய கால வைப்புகளைத் திரட்டிக் கடன் கொடுக்கும் நம் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு வட்டியை உறுதி செய்வது அரிது. செய்தாலும் அதற்கான விலையை முதலிலேயே வட்டியில் ஏற்றிவிடுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் நிலையாக இருக்கும் கடன், அந்தக் காலத்துக்குள்ளேயே பழைய மனையையோ நகையையோ விற்றுக் கடனை அடைத்துவிடப் போகிறவருக்கு உதவலாம். அவரும் நிலையான காலத்தில் அடைக்க அபராதம் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையிடையே கைக்கு வரும் பணத்தை அசலில் கட்டக்கூடியவருக்கும், வட்டி உச்சத்தில் இருக்கும்போது கடன் வாங்க நேர்ந்தவருக்கும் ரெப்போவுடன் இணைந்த மாறும் வட்டியே நல்லது. அதிலும் வட்டி ஏறும் ஆண்டுகளில் எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையைக் காலாண்டு அறிக்கையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 1க்குப் பின் கடன் வாங்குவோருக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு சுருக்க அறிக்கையை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும். வட்டி நிலையானதா, மாறுவதா, கலந்ததா என்பதும், மாறினால் எந்த அளவுகோல், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தம் என்பதும் அதில் இருக்கும். முகவரின் பேச்சை அந்தத் தாளோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். நான் வாங்கியபோது அந்தத் தாள் இல்லை.

2025 டிசம்பரில் ரெப்போ 5.25க்கு இறங்கியபின் அடுத்த காலாண்டுத் திருத்தத்தில் என் வட்டி 7.5 சதவீதமானது. தவணையை 27,536 ரூபாயிலேயே வைத்திருக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.