மொழியை ஒருமுறை சொல்வதா, ஒவ்வொரு முறையும் சொல்வதா?

பேர்ணாம்பட்டில் ஷூ அப்பர் தைக்கும் சிறிய யூனிட் ஒன்றில் கணக்கும் கடிதமும் பார்க்கிறேன். வாங்குபவர்கள் அனுப்பும் ஆங்கில ஆவணங்களை ஏஐ உரையாடல் செயலியில் ஒட்டி, தமிழில் விளக்கம் வாங்கி, எங்கள் மேஸ்திரிக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அவர் தமிழ் மட்டுமே படிப்பார்.

பதில் எந்த மொழியில் வேண்டும் என்று செயலிக்குச் சொல்லாமலே விட்டுவிடலாம், தமிழில் கேட்டால் தமிழில்தானே பதில் வரும் என்பது ஒரு வழி. சின்னக் கேள்விக்கு அது போதும், அதற்கு மேல் நான் அதை நம்புவதில்லை.

இரண்டாவது வழி, ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ‘தமிழில் சொல்’ என்று எழுதுவது. பல மாதம் இப்படித்தான் செய்தேன். எழுதிய இடத்தில் பெரும்பாலும் பலன் இருந்தது. மறந்த இடத்தில் வழுக்கியது. ஒரு நாள் வாங்குபவரின் தோல் தர நிபந்தனைகள் இரண்டு பக்கத்தை ஒட்டி, ‘இதில் நமக்குப் பொருந்துவது எது?’ என்று மட்டும் கேட்டேன். பதில் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன். “தம்பி, இது எனக்கு அனுப்பியதா, வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பியதா?” என்று மேஸ்திரி போன் செய்தார்.

இதற்குக் காரணம் உண்டு. செயலி ஒவ்வொரு முறையும் உரையாடலை முதலிலிருந்து படித்துத்தான் அடுத்த பதிலை எழுதுகிறது. இரண்டு பக்க ஆங்கிலத்துக்குக் கீழே ஒரே ஒரு தமிழ் வரி இருந்தால் ஆங்கிலத்தின் இழுப்பு அதிகம். வந்துவிட்ட ஆங்கிலப் பதிலும் உரையாடலிலேயே கிடந்து, அடுத்த பதிலுக்கு முன்மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் வழுக்கினால் கீழே திருத்தம் எழுதுவதைவிட, நம் செய்தியையே திருத்திப் பதிலை மறுபடி வாங்குவது நல்லது.

இப்போது நான் செய்வது மூன்றாவது வழி: தொடக்கத்தில் ஒரே முறை சொல்வது. ‘தமிழில் பேசு’ என்ற இரண்டு சொல் இதற்குப் போதாது. எது எதற்கு அது பொருந்தும் என்பதும் சேர வேண்டும். நான் வைத்திருப்பது இது: ‘நான் எந்த மொழியில் எழுதினாலும், எந்த மொழி ஆவணத்தை ஒட்டினாலும், பதில் தமிழ் எழுத்தில் தமிழிலேயே வரட்டும். சோதனைகளின் பெயர், எண், அலகு ஆகியவை ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும். வாங்குபவருக்குக் கடிதம் கேட்டால் கடிதம் மட்டும் ஆங்கிலத்தில். அதற்கு அடுத்த பதில் மறுபடி தமிழில்.’

இரண்டாவது வரியைப் பட்ட பிறகுதான் சேர்த்தேன். தோலில் ‘குரோமியம் VI’ என்ற நச்சுப்பொருள் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. அந்தச் சோதனையின் பெயரைச் செயலி தமிழாக்கிக் கொடுத்தபோது, ஆய்வகத்தின் அறிக்கையோடு ஒப்பிட முடியாமல் தவித்தோம். கடைசி வரி எனக்கு மிகவும் பயன்படுகிறது. ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதி வாங்கிய பிறகுதான் உரையாடல் பெரும்பாலும் மொழி மாறும். திரும்பி வரவேண்டும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் அந்த இடத்தில் வழுக்காமல் தப்பிக்கலாம்.

ஒருமுறை சொல்வதிலும் எங்கே சொல்கிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. முதல் செய்தியில் எழுதினால், உரையாடல் நீளும்போது அது காணாமல் போகலாம். செயலி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பல செயலிகள் பழைய பகுதியை வெட்டிவிடும் அல்லது சுருக்கிவிடும். ஒரே விஷயத்துக்குத் தமிழ் எழுத்து பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் நமக்கு அந்த எல்லை சீக்கிரம் வருகிறது. அமைப்புகள் பகுதியில் நிரந்தரக் குறிப்பாக எழுதினால் அது ஒவ்வொரு முறையும் உரையாடலோடு சேர்ந்தே போகும். நான் அங்கேதான் வைத்திருக்கிறேன். அந்த வசதி இல்லாத செயலியில், நீண்ட ஆவணம் ஒட்டும்போது மட்டும் அதன் கீழே ஒரு வரி நினைவூட்டுகிறேன். அந்த இடத்தில் இரண்டாவது வழிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வழுக்கல் திடீரென்று வருவதில்லை என்பதும் என் அனுபவம். முதலில் தலைப்புகள் ஆங்கிலமாகும், பிறகு அட்டவணையின் சொற்கள், பிறகுதான் வாக்கியம். தலைப்பு மாறியதுமே நான் திருத்திவிடுகிறேன்.

நான் தட்டச்சு செய்தே பயன்படுத்துகிறேன். குரலில் பேசுகிறவர்களுக்கும் இது இதே அளவு நிற்கும் என்று உறுதி கூற மாட்டேன். ஓர் ஆர்டருக்கு ஓர் உரையாடல் என்று பிரித்துக்கொண்ட பிறகு எனக்கு எல்லை வரை போகும் சந்தர்ப்பமே குறைந்துவிட்டது. ஆர்டர் முடிந்ததும் அந்த உரையாடலை மூடிவிடுகிறேன்.