லாரி வாடகையை எதன் மேல் ஏற்றுவது: மதிப்பா, எடையா, இடமா?

கோத்தகிரியில் தேயிலை விவசாயிகளுக்கும் காய்கறி விவசாயிகளுக்கும் இடுபொருள் விற்கும் ஒரு கடை, கோயம்புத்தூரிலிருந்து மூன்று சரக்குகளை ஒரே லாரியில் வரவழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் 50 கிலோ மூட்டைகளாக 40, மூட்டை 300 ரூபாய். தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 200 கிலோ, கிலோ 600 ரூபாய். காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் 100, ஒன்று 280 ரூபாய், எடை இரண்டு கிலோ. சரக்கின் மொத்த மதிப்பு 1,60,000 ரூபாய்; மொத்த எடை 2,400 கிலோ. மலையேறி வந்து சேர லாரி வாடகை 7,200 ரூபாய், காப்பீடு 800 ரூபாய். விலைகளும் வாடகையும் கணக்கு எளிதாக ஓடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

இந்த 7,200 ரூபாயைப் பங்கிட மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்கின்றன.

| வாடகைப் பங்கு | டோலமைட் (மூட்டைக்கு) | காப்பர் (கிலோவுக்கு) | கிரேட் (ஒன்றுக்கு) |
|---|---|---|---|
| மதிப்பின்படி | ரூ.13.50 | ரூ.27 | ரூ.12.60 |
| எடையின்படி | ரூ.150 | ரூ.3 | ரூ.6 |
| இடத்தின்படி | ரூ.28 | ரூ.1.60 | ரூ.57.60 |

(லாரியில் டோலமைட் 1.4 கன மீட்டரும், காப்பர் 0.4 கன மீட்டரும், ஒன்றுக்குள் ஒன்று செருக முடியாத கிரேட்டுகள் 7.2 கன மீட்டரும் பிடிப்பதாகக் கொண்டு கடைசி வரிசை போடப்பட்டது.)

பெரும்பாலான கடைகளில் நடப்பது மதிப்புவழிப் பங்கீடுதான். பில் தொகைக்கு நாலரை விழுக்காடு என்று ஒரே பெருக்கலில் வேலை முடிந்துவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் பெட்டியில் இருப்பது விலை உயர்ந்த மருந்து என்பதற்காக லாரிக்காரர் கூடுதல் வாடகை கேட்பதில்லை. மதிப்புவழியில் டோலமைட்டின் அடக்கவிலை, காப்பீட்டுப் பங்கு ஒன்றரை ரூபாயையும் சேர்த்து, 315 ரூபாய் என்று வரும். கடைக்காரர் 350 ரூபாய்க்கு விற்று 35 ரூபாய் லாபம் என்று எழுதிக்கொள்வார். கிலோவுக்கு மூன்று ரூபாய் என்று வாடகை பேசப்பட்டிருந்தால் உண்மையான அடக்கவிலை 451.50 ரூபாய், அதாவது மூட்டைக்கு 101.50 ரூபாய் நட்டம். அதே வேளையில் 606 ரூபாயில் அடங்கும் காப்பரை 630 ரூபாய் என்று நம்பி விலை வைப்பதால், அதை வாங்க வேண்டியவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். டோலமைட் வேகமாக விற்றுத் தீர்ந்தும் ஆண்டு முடிவில் லாபம் மெலிந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பங்கீட்டைத்தான்.

காப்பீட்டுக்கு மட்டும் மதிப்புவழியே பொருந்தும், ஏனெனில் பிரீமியம் சரக்கின் மதிப்பின்மேல்தான் கணக்கிடப்படுகிறது. ஆகவே வாடகையையும் காப்பீட்டையும் 8,000 ரூபாய் என்று ஒன்றாகக் கூட்டிவிட்டுப் பிறகு பங்கிடுவது, எந்த வழியைப் பின்பற்றினாலும், ஏதேனும் ஒரு பக்கத்தில் பிழையாகவே முடியும்.

எடையா, இடமா என்பதை வாடகை எப்படிப் பேசப்பட்டது என்பதே முடிவு செய்கிறது. கிலோக்கணக்கில் பில் வந்திருந்தால் எடைவழியே சரி. முழு லாரியையும் ஒரே தொகைக்குப் பேசியிருந்தால், முதலில் நிரம்பியது லாரியின் தாங்குதிறனா அல்லது இடமா என்று பார்க்க வேண்டும். நம் லாரியில் நிரம்பியது இடம். ஆனாலும் இடவழியை அப்படியே ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனெனில் கிரேட்டுகள் வராவிட்டாலும் டோலமைட்டுக்காக ஒரு வண்டி மலையேறித்தான் இருக்கும். கிரேட் இல்லாமல் 5,500 ரூபாய் வாடகைக்குச் சிறிய வண்டி போதுமாயிருந்தது என்றால், பெரிய லாரியால் கூடிய 1,700 ரூபாயை மட்டும் கிரேட்டுகளின் மேல் ஏற்றி, ஒன்றுக்கு 17 ரூபாய் என்று கொள்ளலாம். மீதி 5,500 ரூபாய் மற்ற இரண்டுக்கும் எடைவழியில் கிலோவுக்கு இரண்டரை ரூபாயாக விழும். கிரேட் எப்போதாவது கூட வரும் சரக்காக இருக்கும்வரை இதுவே நியாயமான கணக்கு. ஒவ்வொரு லோடிலும் கிரேட் வருமானால் பெரிய லாரியே வழக்கமாகிவிடும். அப்போது இடவழிக்கு மாறிவிட வேண்டும்.

கணக்கு மென்பொருளில் ‘எண்ணிக்கைப்படி’ பங்கிடும் வசதி இருந்தால், கலப்புச் சரக்குக்கு அதைத் தொடாமலிருப்பது நல்லது. 40 மூட்டை, 200 கிலோ, 100 கிரேட் ஆகிய மூன்றையும் அது 340 என்று கூட்டி வகுக்கும். ஒரு மூட்டை டோலமைட்டும் ஒரு கிலோ மருந்தும் ஒரே வாடகையைச் சுமக்கும்.

திரும்பப் பெறக்கூடிய ஜிஎஸ்டி அடக்கவிலையில் சேராது. ஆனால் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே சரக்கின் மீதும் வாடகையின் மீதும் கட்டிய வரி அடக்கவிலைக்குள்ளேயே வர வேண்டும்.

வழியில் ஒரு மூட்டை கிழிந்து வீணானால், அது வழக்கமான சேதம்தான் என்கிற அளவில், எடைவழியில் வந்த டோலமைட்டின் மொத்த அடக்கம் 18,060 ரூபாயை 40 மூட்டைக்குப் பதிலாக 39 மூட்டையால் வகுக்க வேண்டும், மூட்டை 463.08 ரூபாய் ஆகும். காப்பீட்டு நிறுவனம் அந்த மூட்டைக்குப் பணம் தந்தால், அத்தொகையை 18,060 ரூபாயிலிருந்து கழித்த பிறகே வகுக்க வேண்டும்.