லாய், ச்யு: செயப்படுபொருள் முன்னா, பின்னா?

மாண்டரின் சீனத்தில் வினையை அடுத்து வரும் 'லாய்' (வா), 'ச்யு' (போ) ஆகிய இரண்டும் அந்த இயக்கம் பேசுபவரை நோக்கியதா, அவரை விட்டு விலகியதா என்பதைச் சொல்கின்றன. 'கொண்டு வா', 'கொண்டு போ' என்று பேசும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்பே நின்றுவிடுவதால், அதை லாய்க்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை, சீனத்தில் எழுகிறது.

இடப்பெயர் வரும்போது தேர்வுக்கே வழியில்லை. 'அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்' என்பது 'தா ஹுவெய் ஜியா ச்யு ல' என்றுதான் அமையும்; 'ஹுவெய் ச்யு ஜியா' என்பது பிழை. இதில் 'தா' என்பது அவர், 'ஜியா' வீடு, இறுதியில் வரும் 'ல' செயல் நிகழ்ந்துவிட்டதைக் காட்டும் சொல். 'ஹுவெய்' (திரும்பு) என்ற வினை போய்ச் சேரும் இடத்தை உடனடுத்து ஏற்கிறது. பேசுபவரின் நிலையைக் காட்டும் ச்யு அதன் பிறகே வருகிறது. 'நடந்து வகுப்பறைக்குள் வா' என்னும் கூட்டு வடிவிலும் 'ட்ஸோவ் ஜின் ஜியாவ்ஷி லாய்' என்று, 'ஜின்' (நுழை) என்பதற்கும் லாய்க்கும் நடுவே இடம் நிற்கும்.

பொருட்பெயர் வந்தால்தான் உண்மையான போட்டி. 'தாய்' (உடன் எடுத்துச் செல்) என்ற வினையையும் 'யீ க ஷீகுவா' (ஒரு தர்ப்பூசணி) என்ற பொருளையும் எடுத்துக்கொள்வோம். 'தா தாய் லாய் ல யீ க ஷீகுவா' என்றால் அவர் கொண்டுவந்துவிட்டார். பழம் இதோ இருக்கிறது. 'தாய் யீ க ஷீகுவா லாய்' என்பதோ, இன்னும் நடக்காததைக் கேட்கும் கட்டளைக்கும் திட்டத்துக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. நடந்து முடிந்ததற்கும் இந்த வரிசை வரலாம் என்றாலும், கட்டளையில் முதல் வரிசையைப் போட்டால் பேச்சு செயற்கையாக ஒலிக்கும். நன்மை, தொல்லை போன்ற அருவப் பொருள்கள் லாய்க்குப் பின்னால்தான் இயல்பாக அமர்கின்றன: 'தாய் லாய் மாஃபன்' (தொல்லை கொண்டுவருதல்).

'ஹுவெய் லாய்' (திரும்பி வா) போன்ற இரட்டைத் துணைச்சொல் சேர்ந்தால் இடங்கள் மூன்றாகின்றன. 'மாய் (வாங்கு) யீ க ஷீகுவா ஹுவெய் லாய்' என்பது ஒருவரைக் கடைக்கு அனுப்பும்போது சொல்வது. 'மாய் ஹுவெய் லாய் யீ க ஷீகுவா' வாங்கி வந்த பின் சொல்வது. 'மாய் ஹுவெய் யீ க ஷீகுவா லாய்' என்ற நடு வரிசையும் இலக்கணப்படி சரியே. அன்றாடப் பேச்சுக்கு முதல் இரண்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் 'மழை பெய்யத் தொடங்கியது' என்பதற்கு நடு வரிசை மட்டுமே உண்டு: 'ஷியா ச்சி யு லாய் ல'. இங்கே 'ச்சி லாய்' திசையைச் சொல்லாமல் தொடக்கத்தைச் சொல்கிறது. அவ்விரண்டின் நடுவே நிற்கும் 'யு' தான் மழை.

இவை அனைத்தும் 'ஒரு தர்ப்பூசணி' என்று புதிதாக அறிமுகமாகும் பொருளுக்கே. இருவருக்கும் தெரிந்த 'அந்தத் தர்ப்பூசணி' என்றால், 'பா' என்ற சொல்லைக் கொண்டு பொருளை வினைக்கு முன்னே கொணர்வதே இயல்பு: 'பா ஷீகுவா தாய் லாய்'. தமிழ் வரிசைக்கு மிக நெருங்கியதும் இதுவே. ஆனால் அந்த நெருக்கத்தை நம்பி 'பா ஜியா ஹுவெய் ச்யு' என்று வீட்டையும் முன்னே கொண்டுவந்துவிட முடியாது. வீடு இங்கே போய்ச் சேரும் இடமே தவிர, திருப்பிக் கொண்டுபோகும் பொருள் அன்று.