சேலத்து வெயிலில் 20 மாதம்: கேம் ஆடும் போனை 60 ஃப்ரேமில் நிறுத்திய பிறகு

அம்மாபேட்டையில் எங்களுக்கு மேல்மாடி வீடு. மே மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் மேல்தளம் பகல் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். அறைக்குள் 34 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்த அறையில் உட்கார்ந்துதான் அக்கா மகனோடும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரோடும் தினமும் ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் பிஜிஎம்ஐ ஆடுகிறேன். இப்போது கையில் இருக்கும் போனுக்கு 20 மாதம் ஆகிறது. பேட்டரி ஆரோக்கியம் செட்டிங்கில் 92 சதவீதம் காட்டுகிறது.

இதற்கு முன் வைத்திருந்த போன் 14 மாதத்தில் போய்விட்டது. அதில் எப்போதும் உச்ச கிராஃபிக்ஸ், சார்ஜர் வயர் குத்தியபடியே ஆட்டம். ஒருநாள் மேசையில் மல்லாத்தி வைத்து ஓரத்தைத் தொட்டேன், பம்பரம் மாதிரி சுற்றியது. பின்மூடி நடுவில் லேசாக உப்பியிருந்தது. விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. உங்கள் போனில் இப்படித் தெரிந்தால் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்திப் பார்க்கவோ மூடியை நெம்பவோ கூடாது. நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதிய போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி, 120 ஹெர்ட்ஸ் திரை. கேமில் கிராஃபிக்ஸை Smooth வைத்தால் நொடிக்கு 90 ஃப்ரேம், அதாவது 90 படம், கிடைக்கும். முதல் வாரம் அதில்தான் ஆடினேன். முதல் இருபது நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடும். அதற்குப் பிறகு, சரியாக எதிராளி மேல் குறி வைக்கும் நேரத்தில், திரை திக்கித் திக்கி நகரும். நெட்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நெட் தாமதத்தைக் காட்டும் பிங் மேலே 40-க்குள்தான் நின்றது. பிங் ஏறாமல் படம் மட்டும் தடுமாறினால், கூடவே திரை வெளிச்சமும் தானாக மங்கினால், அது சூட்டு வேலை. சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் அளந்து பார்க்க ஆரம்பித்தேன். லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி போதும்:

```
adb shell "dumpsys battery | grep temperature"
```

இது 412 என்று காட்டினால் பேட்டரி 41.2 டிகிரியில் இருக்கிறது. இதில் நான் ஒரு தப்பு செய்தேன். யுஎஸ்பி வயர் போட்டு அளந்தால் போன் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், அளவும் கெட்டுப்போகும். டெவலப்பர் ஆப்ஷனில் வயர்லெஸ் டிபக்கிங் போட்டு அளப்பதே சரி. லேப்டாப் இல்லையென்றால் பேட்டரி வெப்பம் காட்டும் ஆப் எதுவானாலும் போதும். அது காட்டுவது பேட்டரி சூட்டை மட்டும் என்பதை நினைவில் வையுங்கள். கேமரா பக்கத்தில் இருக்கும் சிப் அதைவிட நிறையச் சூடாக இருக்கும்.

இரண்டு வாரம் நோட்டில் குறித்ததில், 34 டிகிரி அறையில் 90 ஃப்ரேம் ஆட்டம் இருபதாவது நிமிடம் 44-ஐத் தொட்டது. அங்கிருந்து சூடு ஏறவில்லை, ஃப்ரேம்தான் இறங்கியது. இந்தப் போன் அதற்கு மேல் விடுவதில்லை. திக்காமல் ஓடிய அந்த முதல் இருபது நிமிடத்தில் சார்ஜ் மணிக்கு 24 சதவீத வேகத்தில் கரைந்தது.

விஷயம் தெளிவானது ஏற்காட்டில். மே மாதக் கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு போய், ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு அறையில் இரண்டு நாள் தங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால், சேலத்து வெயில் மறந்துபோகும். ராத்திரி அறைக்குள் 22 டிகிரி. அதே போன், அதே Smooth, அதே 90 ஃப்ரேம், அதே வெளிச்சம். ஒரு மணி நேரம் ஆடியும் பேட்டரி 33.5-ல் நின்றுவிட்டது. ஒரு தடவைகூடத் திக்கவில்லை. சார்ஜ் கரைந்ததோ அதே 24 சதவீதம்.

அதாவது, போன் எடுத்துக்கொள்ளும் சக்தி மலையிலும் கீழேயும் ஒன்றுதான். அந்தச் சக்தி பேட்டரியை அறையைவிடப் பதினொன்றரை டிகிரி உயர்த்துகிறது. 22-ல் தொடங்கினால் 33-ல் முடியும். 34-ல் தொடங்கினால் 45-ஐத் தாண்டப் பார்க்கும். அதற்கு முன்பே போன் கடிவாளத்தை இழுத்துவிடுகிறது. அன்றிலிருந்து பேட்டரி எத்தனை டிகிரி என்று தனியாகப் பார்ப்பதில்லை. அறையைவிட எத்தனை டிகிரி கூட என்றே குறிக்கிறேன். அந்த எண்ணை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், எந்த ஊரில் எந்த மாதம் எந்த செட்டிங் தாங்கும் என்பதைக் கூட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கீழே வந்ததும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். Smooth-ஐ அப்படியே விட்டு, ஃப்ரேமை மட்டும் Extreme-க்கு, அதாவது 60-க்கு இறக்கினேன். மணிக்கு 24 சதவீதம் கரைந்தது 16 ஆனது. அறையைவிட எட்டு டிகிரிதான் ஏறியது. 34 டிகிரி அறையில் 42. ஒன்றரை மணி நேரம் ஆடியும் ஃப்ரேம் அசையவில்லை. மூன்றில் ஒரு பங்கு ஃப்ரேமை விட்டதற்குச் சக்தியும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். சில சிப்புகளில் இதைவிட அதிகமாகவே மிச்சமாகும். வேகமாக ஓட சிப்புக்கு மின்னழுத்தமும் கூடத் தேவை, மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் சக்திச் செலவு நான்கு மடங்காகும் என்பதே காரணம். உச்ச வேகத்தின் கடைசிப் படிகள்தான் அதிகம் தின்னும்.

அக்கா மகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா, 90 போட்டாத்தான் எதிராளி முன்னாடியே கண்ணுக்குத் தெரிவான். 60-ல ஆடுனா நாமதான் காலி.”

“ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் 90-ல 11 மில்லி செகண்ட், 60-ல 17. ஆறு மில்லி செகண்ட்தான்டா வித்தியாசம். ஆனா கடைசி வட்டத்துல உன் போன் 45-க்கும் 80-க்கும் நடுவுல ஊசலாடுது பாரு, அங்க சமயத்துல 22 மில்லி செகண்ட் ஆயிடுது. கை எதுக்குப் பழகும்?” என்றேன். அவன் ஒரு வாரம் 60-ல் ஆடிப் பார்த்தான். கடைசி வட்டத்தில் ரீகாயில் கட்டுப்படுவது அவனுக்கே தெரிந்தது. இப்போதும் டிசம்பர், ஜனவரியில் அவன் 90 போடுகிறான், அதில் தப்பில்லை. அந்த மாதங்களில் அவன் அறை 24, 25 டிகிரிதான்.

கிராஃபிக்ஸ் விஷயத்தில், HDR-க்குப் போய் 60 ஃப்ரேம் வைத்துப் பார்த்தேன். மணிக்கு 22 சதவீதம், கிட்டத்தட்ட 90 ஃப்ரேம் செலவு. அதில் பெரிய பங்கு நிழலுக்குப் போகிறது. நிழல் காட்ட வேண்டுமென்றால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து பார்த்த காட்சியை சிப் இன்னொரு தடவை வரைய வேண்டும். நிழலை மட்டும் அணைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

திரையின் ஹெர்ட்ஸ் வேறு, கேமின் ஃப்ரேம் வேறு. இதைப் பலபேர் குழப்பிக்கொள்கிறார்கள். கேம் 60 ஃப்ரேம் கொடுக்கும்போது திரை 120-ல் ஓடினால், ஒவ்வொரு படமும் இரண்டு முறை காட்டப்படும், அவ்வளவுதான். என் போனில் இந்தக் கேமுக்கு மட்டும் திரையை 60-ல் பூட்ட முடிகிறது, மணிக்கு ஒன்றரை சதவீதம் மிச்சம். தொடு உணர்வு குறையுமோ என்று பயந்தேன். விரலைத் திரை கவனிக்கும் வேகம் தனிக் கணக்கு என்பதால், வித்தியாசம் எதுவும் எனக்குப் படவில்லை.

ஆனால் 40 ஃப்ரேமுக்கு, அதாவது Ultra-வுக்கு, இதே பூட்டு ஆகாது. கத்திரி வெயில் நாட்களில் அறை 36-ஐத் தொடும்போது நான் 40-க்கு இறங்குவேன். மணிக்கு 12 சதவீதம், ஆறு டிகிரி ஏற்றம். திரை 60-லேயே இருந்தால் 40 ஃப்ரேம் சமமாகப் பங்கிட வராது. ஒரு படம் திரையின் ஒரு துடிப்பு நிற்கும், அடுத்தது இரண்டு துடிப்பு நிற்கும், கண்ணுக்குக் குதிக்கிற மாதிரி இருக்கும். திரையை 120-ல் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று துடிப்பு சமமாக விழுகிறது. 40 ஃப்ரேம் மோசம் என்று ஒதுக்கியவர்களில் பலர் 60 ஹெர்ட்ஸ் திரையில் பார்த்தவர்களாக இருப்பார்கள் என்பது என் எண்ணம். 90 ஹெர்ட்ஸ் திரைக்காரர்களுக்கு இதே கணக்கில் 60 ஃப்ரேம் இடிக்கும். அவர்கள் 60 ஆடும்போது திரையையும் 60-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி உட்கார்ந்தால் மூன்று டிகிரி குறைகிறது. பின் கவரைக் கழற்றினால் இரண்டு. ஃபிரிட்ஜில் வைக்கும் வேலை மட்டும் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

பேட்டரியைக் கெடுப்பது சூடும், முழுச் சார்ஜில் நிற்பதும் சேரும்போதுதான். என் பழைய போன் இரண்டையும் ஒன்றாக அனுபவித்தது. 100-ல் வயரோடு நின்றுகொண்டு 44 டிகிரியில் இரண்டு மணி நேரம், தினமும். இந்தப் போனில் 80-ல் நிற்கும்படி வரம்பு வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் 80, முடியும்போது 55. பிறகு போன் ஆறும்வரை அரை மணி நேரம் விட்டுத்தான் சார்ஜ் போடுகிறேன். பைபாஸ் சார்ஜிங் இருக்கும் போன் என்றால் வயரோடும் ஆடலாம், மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேராகப் போர்டுக்குப் போகும். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. ஒரு மணி நேரம் ஆடியும் சதவீதம் ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்க வேண்டும். என் போனில் அது இல்லை.

92 சதவீதம் முழுக்க 60 ஃப்ரேமின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு போன், வேறு பேட்டரி. 80 வரம்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் 14 மாதத்தில் உப்பிய அதே அறையில், அதே ஆட்ட நேரத்தில், இது 20 மாதத்தைத் தாண்டிவிட்டது. மேசையில் வைத்தால் ஆடாமல் படுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத் தொட்டுச் சுற்றிப் பார்க்கிறேன்.