கடன் ஒப்புகைக் கடிதமா, பகுதிப் பணமா?

தக்கலை ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர் 10-6-2022 அன்று புரோநோட்டு எழுதிக் கொடுத்தார், கேட்டதும் தர வேண்டிய கடன் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய நாளைத் தள்ளி மூன்று வருடம், அதாவது 10-6-2025க்குள் வழக்கு போட வேண்டும். அந்தக் கெடுவை நீட்ட இரண்டு வழி.

கடிதம்: 4-4-2025 அன்று "கடன் பாக்கி இருக்கிறது" என்று கையெழுத்திட்டால் போதும், "இப்போது தர முடியாது" என்று சேர்த்து எழுதியிருந்தாலும் கடிகாரம் புதிதாக ஓடி 4-4-2028 வரை போகும்.

பகுதிப் பணம்: கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். ஆனால் பணம் கொடுத்ததை நோட்டின் பின்னாலோ வேறு தாளிலோ அவரே எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். நீங்களே வரவு எழுதிக்கொண்டால் செல்லாது.

இரண்டுமே 10-6-2025க்குள் நடந்திருக்க வேண்டும். அதற்கு அப்புறம் என்றால் வெறும் ஒப்புகை உதவாது, "தருகிறேன்" என்ற புதிய எழுத்து வாக்குறுதிதான் வேண்டும்.

கையில் காசு இல்லாதவரிடம் கடிதம் கேளுங்கள். கொஞ்சம் தருகிறவரிடம் வாங்கும்போதே நோட்டை நீட்டுங்கள்.