துருவிய சீஸ்: கப்பா, கிராமா?

200 கிராம் மொசரெல்லா கட்டியைப் பெரிய துளையில் துருவி, அழுத்தாமல் கப்பில் போட்டால் சுமார் இரண்டு கப் வரும். அதையே விரலால் அமுக்கினால் ஒன்றரைக் கப்புக்குள் அடங்கிவிடும். சீஸ் அதேதான், நடுவில் இருந்த காற்றுதான் போயிருக்கிறது. அதனால் பீட்சாவுக்கு நான் தராசைத்தான் நம்புவேன்.

10 அங்குல பீட்சாவுக்கு 100 கிராம் போதும். 12 அங்குலம் என்றால் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும், அதனால் 145 கிராம் வேண்டும், இதற்கு மேல் அள்ளிப் போட்டால் நடுவில் எண்ணெய் தேங்கி அடிமாவு வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும். சாண்ட்விச்சுக்கு 30, 40 கிராம், அதற்குக் கப் கணக்கே போதும்: அமுக்காமல் மூன்றில் ஒரு பங்கு கப். கொஞ்சம் கூடினாலும் ஓரத்தில் வழிந்து மொறுமொறுப்பாகிவிடும், அவ்வளவுதான்.